விதை மஞ்சளும் விதை இஞ்சியும்: எதை எடுக்கலாம், எதை ஒதுக்கணும்?

தாம்பரம் மாடி
வைகாசியில் பைகளில் இஞ்சியும் மஞ்சளும் நடப் போகிறேன். கடையில் கிழங்கு வாங்கினால் பாதி முளைக்காது, முளைத்தது ஆடியில் அழுகும் என்கிறார்கள். நல்ல விதைக் கிழங்கைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? இதில் கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோபி வயல்
கிழங்கை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மீதி, அது நின்ற வயலில்தான் தெரியும். விதைக்கு வேண்டியதை அறுவடைக்கு முன்னாடியே, செடி பச்சையாக நிற்கும்போதே கயிறு கட்டி அடையாளம் வைக்க வேண்டும். இலை காய்ந்து சாய்ந்த பிறகு போனால், வயசாகிக் காய்ந்த செடி எது, நோயில் காய்ந்த செடி எது என்று பிரிக்கவே முடியாது.

மஞ்சளில் அழுகல் வந்த செடிக்குக் கீழ் இலையின் ஓரம் முதலில் மஞ்சளாகிக் காயும். தண்டின் அடி நீர் கோத்து மிருதுவாகிவிடும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அந்தச் செடியை மட்டும் விட்டால் போதாது. அதைச் சுற்றி இருக்கிற செடிகளின் கிழங்கு வெளியே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் விதைக்கு வேண்டாம். சந்தைக்குப் போகட்டும்.

வெட்டிப் பார்த்தால் நல்ல மஞ்சள் உள்ளே ஒரே சீரான ஆரஞ்சு நிறம். அழுகல் ஏறியதில் அந்தப் பளபளப்பு போய்ப் பழுப்பு படரும்.

திருச்சி புதுசு
எங்கள் வீட்டில் மளிகைக் கடை விரலி மஞ்சள் அரைக் கிலோ இருக்கிறது. கெட்டியாக, பூச்சி இல்லாமல் நன்றாகவே இருக்கிறது. அதை ஊற வைத்து நட்டால் எத்தனை நாளில் முளைக்கும்?

கோபி வயல்
முளைக்காது தம்பி. கடை விரலி வேகவைத்து, காயவைத்து, மெருகு போட்டது. வேகும்போதே முளைக்கண் செத்துவிடும். பச்சைக் கிழங்குதான் வேண்டும்.

தாம்பரம் மாடி
அப்படியானால் பொங்கலுக்கு விற்கிற மஞ்சள் கொத்து? அது பச்சைதானே அண்ணா?

சத்தி அக்கா
பச்சைதான், ஆனால் பெரும்பாலும் முற்றுவதற்கு முன்னாடியே பிடுங்குவது. வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் முற்ற ஒன்பது மாதம் ஆகும். தை முதல் தேதிக்கு வெட்டியதில் தோல் இன்னும் மெலிசாகத்தான் இருக்கும். விரல் நுனி வெளுத்துக் குருத்தாக இருக்கும். வைகாசி வரை நான்கு மாதம் வைத்தால் சுருங்கிச் சருகாகிவிடும். தையிலேயே நட்டாலும் அதன் உறக்கக் காலம் முடியாமல் கண் திறக்காது. அதுவரை தினம் தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள்ளேயே அழுகும்.

கொத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் குண்டுக் கிழங்கை மட்டும் எடுங்கள். நகத்தால் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. உரிந்தால் இளசு, குழம்புக்குப் போடுங்கள்.

மேட்டுப்பாளையம் தோட்டம்
இவ்வளவு பார்க்கத் தேவையில்லை. எந்தக் கிழங்காக இருந்தாலும் மேங்கோசெப் கரைசலில் அரை மணி நேரம் ஊறப் போட்டால் எல்லா நோயும் போய்விடும். லிட்டருக்கு 3 கிராம். நிழலில் உலர்த்தி நட வேண்டியதுதான்.

வயநாடு இஞ்சி
அளவும் நேரமும் சரி. "எல்லா நோயும்" என்பதுதான் சரியில்லை. மேங்கோசெப் பூஞ்சாண மருந்து, அதுவும் மேல் தோலில் மட்டும் நிற்பது. இஞ்சியைக் கொல்வதில் பெரியது பாக்டீரியா வாடல். அது கிழங்கின் குழாய்களுக்குள் உட்கார்ந்திருக்கும். மருந்து அங்கே எட்டாது, எட்டினாலும் பாக்டீரியாவுக்கு அது மருந்தல்ல.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். கிழங்கைப் புதிதாகக் குறுக்கே வெட்டி, வெட்டு வாய் தண்ணீரில் படும்படி ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கினால் வாடல் இருக்கிறது. அந்த மூட்டையிலிருந்து ஒரு துண்டுகூட நட வேண்டாம். ஆனால் இழை வரவில்லை என்பதால் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமி குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வயலைப் பார்த்து எடுக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. சில இஞ்சியை வெட்டினால் உள்ளே நீலச் சாயலில் ஒரு வளையம் தெரியும். அது அந்த ரகத்தின் நிறம், நோயல்ல. பயந்து எறிந்துவிடாதீர்கள். பழுப்பு, நீர் கோத்த திட்டு, நாற்றம், இவைதான் எறிய வேண்டிய அடையாளங்கள்.

தாம்பரம் மாடி
சரி சார், கையில் 2 கிலோ நல்ல விதை இஞ்சி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து?

வயநாடு இஞ்சி
முதலில் கொட்டிப் பரப்புங்கள். அழுத்தினால் அமுங்குவது, சுருங்கியது, தோலில் சாம்பல் நிறப் பொருக்கு ஒட்டியிருப்பது, மூன்றையும் ஒதுக்குங்கள். அந்தப் பொருக்கு செதில் பூச்சி. கிழங்குக்குள் இருக்கும் சாற்றை உறிஞ்சி முளைக்கண்ணையே வற்றவைத்துவிடும்.

மீதியை 20 முதல் 25 கிராம் துண்டுகளாக வெட்ட வேண்டும். சுமார் இரண்டு விரற்கடை நீளம், துண்டுக்கு ஒரு திரண்ட கண்ணாவது இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் நல்லது. கணக்குப்படி 80 முதல் 100 துண்டு வரும், கழிவு போக அறுபது தேறினால் போதும். ரொம்பச் சின்னதாக வெட்டினால் செலவு மிச்சம் போலத் தெரியும், ஆனால் வேர் பிடிக்கும்வரை முளைக்குத் தீனி அந்தத் துண்டுக்குள் இருப்பதுதான். கத்தியை ஒவ்வொரு கிழங்குக்கும் நடுவில் ஸ்பிரிட்டில் துடைப்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு நோய்க் கிழங்கு கத்தி வழியாக மொத்தத்துக்கும் பரவும்.

2 கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர், 9 கிராம் மேங்கோசெப், அரை மணி நேரம், கையுறையோடு. பிறகு நிழலில் பரப்பி, வெட்டு வாய் காய்ந்து தோல் கட்டும்வரை இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஈர வெட்டோடு நடுவதுதான் மாடியில் அழுகலுக்கு முதல் காரணம். கண் மேலே பார்க்க 4, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். முளை தெரியும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும், சொதசொதவென்று வேண்டாம்.

சத்தி அக்கா
மருந்து வேண்டாம் என்பவர்கள் சூடோமோனாஸ் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து நனைக்கலாம். ஆனால் இதுவும் உள்ளே இருக்கும் வாடலை எடுக்காது. வருமுன் காப்பதற்குத்தான்.

துண்டு குறைவாக இருந்தால் குழித்தட்டு முறை இருக்கிறது. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை அது. ஒரே கண் உள்ள 5 கிராம் அளவுத் துண்டை, தென்னை நார்க் கழிவு முக்கால் பங்கு, மண்புழு உரம் கால் பங்கு கலந்த தட்டில் வைத்து நிழலில் வளர்த்தால் ஒரு மாதத்துக்குச் சற்று மேலே நாற்று தயார். துண்டு சிறியது என்றாலும் தட்டில் கவனிப்பு கிடைப்பதால் தாங்குகிறது. முளைக்காததை அங்கேயே கழித்துவிடலாம் என்பதால் பையில் காலியிடம் விழாது.

மேட்டுப்பாளையம் தோட்டம்
மேங்கோசெப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மஞ்சளில் குண்டுதான் நட வேண்டும், விரலி வேண்டாம். குண்டு நட்டால் தூர் தடிக்கும்.

கோபி வயல்
குண்டில் முளை வேகமாக வரும், அது உண்மை. அதற்காக விரலியை விடச் சொல்வதை ஏற்க மாட்டேன். விதை எடை குறைவு, சேமிப்பில் அழுகாமல் நிற்கும், ஈர மண்ணையும் கொஞ்சம் தாங்கும். ஏக்கருக்கு 700, 800 கிலோ வாங்குகிறவருக்கு அந்த எடை வித்தியாசம் பெரிசு.

மேட்டுப்பாளையம் தோட்டம்
மாடியில் பத்துப் பைக்கு எடை என்ன கணக்கு? அங்கே குண்டுதான்.

தாம்பரம் மாடி
ஐந்து பையில் குண்டு, ஐந்தில் விரலி வைக்கிறேன். மாசியில் பச்சை மஞ்சள் கிடைத்தால் வைகாசிவரை எதில் வைப்பது?

சத்தி அக்கா
கழுவாதீர்கள். நிழலில் மண் உதிர உலர்த்தி, மண்தொட்டியில் காய்ந்த மணல் ஓர் அடுக்கு, கிழங்கு ஓர் அடுக்கு என்று வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். மாதம் ஒருமுறை கிளறி, அமுங்கியதை எடுத்துவிடுங்கள். சித்திரைக் கடைசியில் கண் வெள்ளையாகத் திரளும், அப்போது வெட்டலாம்.