ஆம்பூர் பெல்ட்: 400 ரூபாய் அடக்கத்துக்கு எம்.ஆர்.பி 615 சரியா?

புது பட்டறை (ஆம்பூர்):
இதுவரைக்கும் பெரிய கம்பெனிக்கு ஜாப் வொர்க் பண்ணிட்டிருந்தோம். இப்போ சொந்தமா ஆண்கள் பெல்ட் இறக்குறோம். ஒரு பெல்ட்டுக்கு தோல் 195, லைனிங் 35, பக்கிள் 59, நூல், பசை, எட்ஜ் கலர் 15, கூலி 66, பெட்டி 30, மொத்தம் 400. 30% லாபம் வேணும். 400 + 120 = 520. அதுல 18% ஜி.எஸ்.டி 93.60 சேர்த்தா 613.60. எம்.ஆர்.பி 615 அடிச்சு வேலூர், பெங்களூரு கடைகளுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். கடைக்காரர் எம்.ஆர்.பி-யில 40% கேக்கறார். சரியா வருமா?

மெயின் பஜார்:
கணக்கு சரிதான் தம்பி. எங்க பஜார்ல எல்லாரும் அடக்கத்து மேலதான் லாபம் போடுவோம். 400க்கு 30% 120. வரி நம்ம பணம் இல்ல, வாங்கிக் கட்டப்போறோம், அதைப் பத்தி யோசிக்கவே வேணாம். 40% மட்டும் பேசிக் குறைங்க.

பாலாற்றங்கரை:
பாய், 615 அடிச்சா ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கைக்காசு போகும். பின்னாலிருந்து போட்டுப் பாருங்க. 615ல கடைக்காரர் 40% எடுத்தா 246. மீதி 369 உங்களுக்கு. அந்த 369க்குள்ள வரியும் இருக்கு. 1.18ஆல வகுத்தா 312.71. அடக்கம் 400. பெல்ட்டுக்கு 87 ரூபாய் நஷ்டம். 500 பெல்ட் போனா 43,000க்கு மேல போயிடும். கடைக்காரர் சந்தோஷமா மறுபடியும் ஆர்டர் குடுப்பார், அதனால சீக்கிரம் தெரியவும் தெரியாது.

613.60ங்கறது நீங்க கடைக்கு விக்கிற விலை. அதையே வாடிக்கையாளர் குடுக்கிற விலையா எடுத்துக்கிட்டதுதான் இங்க ஆன தப்பு.

அடுத்தது அந்த 30%. அடக்கத்து மேல 30% போட்டா, விற்பனையில 520க்கு 120, அதாவது 23%தான். தீபாவளிக்கு 10% தள்ளுபடி குடுத்தீங்கன்னா 52 போய் 68 நிக்கும். 468க்கு 68, 14.5%. தள்ளுபடி, கடை கமிஷன், ரிட்டர்ன் எல்லாமே விற்பனை விலையில வெட்டுறாங்க. அதனால லாபத்தையும் விற்பனை விலையிலேயே வைக்கணும்:

```
கடைக்கு விலை = 400 / (1 - 0.30) = 571.43
கடையின் விலை = 571.43 / (1 - 0.40) = 952.38
எம்.ஆர்.பி   = 952.38 x 1.18 = 1123.81
```

1,125 அடிக்கணும். 615க்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

மெயின் பஜார்:
சார், விற்பனையில 30%னு அவர் எங்க சொன்னார்? அடக்கத்துல 30%னு நினைச்சிருந்தா 520 சரிதானே. அப்புறம் கடைக்காரர் வரி சேர்த்த எம்.ஆர்.பி-யில 40% கேக்கறார். நீங்க வரிக்கு முன்னாடி விலையில 40% எடுத்திருக்கீங்க. ரெண்டும் வேற.

பாலாற்றங்கரை:
முதல் விஷயம், ஒத்துக்கறேன். எதுல 30%னு அவர்தான் சொல்லணும். ஆனா 520ன்னே வெச்சுக்கிட்டாலும் எம்.ஆர்.பி 1,023க்கு வரும். 615 எப்படியும் வராது.

ரெண்டாவது, இங்க வித்தியாசம் வராது. நீங்க கடைக்குப் போடுற வரியும் 18%, கடைக்காரர் போடுற வரியும் 18%. 1,123.81ல 40% கழிச்சா 674.29, அதை 1.18ஆல வகுத்தா அதே 571.43. செருப்பு, ஷூன்னா ஜாக்கிரதை. 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜோடி 2,500 ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. கடைக்கு நீங்க விக்கும்போது 2,500க்குக் கீழயும், அவர் விக்கும்போது மேலயும் இருந்தா ரெண்டு இடத்துலயும் வரி வேற. அங்க இந்தக் குறுக்குவழி உடையும்.

பேர்ணாம்பட்டு:
நாங்க பெல்ட், பர்ஸ் ரெண்டும் பண்றோம், 18% எல்லாம் போடறதே இல்ல. சின்ன யாவாரிகளுக்கான காம்பவுண்டிங் திட்டத்துல இருக்கோம், 1%தான். உங்களுக்கு ஏன் இவ்வளவு வரி? அதுக்கு மாறிடுங்க, விலை தானா இறங்கிடும்.

பாலாற்றங்கரை:
உங்களுக்கு அது பொருந்தலாம் அண்ணா, அவருக்குப் பொருந்தாது. அதுல இருந்தா வெளி மாநிலத்துக்கு விக்கக் கூடாது, அவர் பெங்களூரு கடைக்குக் குடுக்கப்போறார். அந்த 1%ஐ பில்லுல தனியா வாங்கவும் முடியாது, உங்க விலைக்குள்ளேருந்துதான் கட்டணும். அதனால 400 / (1 - 0.30 - 0.01), 579.71 ஆகும். நீங்க வாங்கற பொருள்ல கட்டின வரியும் திரும்ப வராது. கடைக்காரருக்கும் உங்க பில்லுல கழிச்சுக்க எதுவும் இருக்காது.

இதுல ஆம்பூர் பாய் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பக்கிள் 59னு போட்டிருக்கீங்க. அது பில் தொகையா? 50 பக்கிள், 9 வரின்னா, அந்த 9 உங்களுக்குக் கிரெடிட்டா வரும், அடக்கத்துல வரக் கூடாது. பேர்ணாம்பட்டு அண்ணனுக்கு முழு 59ம் அடக்கம். தோல், லைனிங், பெட்டி பில்லையும் இதே மாதிரி எடுத்துப் பாருங்க.

தறி வளைவு (குடியாத்தம்):
எனக்கு இந்த முறையே சரியாப் படலை. நான் லுங்கி யாவாரம், தோல் தெரியாது. ஆனா பேர் தெரியாத பெல்ட்டை 1,125 குடுத்து எவன் வாங்குவான்? கடைக்குப் போங்க, அதே மாதிரி பெல்ட் என்ன விலைக்கு ஓடுதுன்னு பாருங்க, அங்கேருந்து கீழ இறங்குங்க. 799க்குத்தான் போகும்னா உங்களுக்குக் கிடைக்கிறது 406. 400ல பண்ணினா லாபம் 6 ரூபா. அப்போ அடக்கத்தை 284க்குள்ள கொண்டுவரணும், இல்ல அந்த பெல்ட்டே வேணாம். அடக்கம் என்னன்னு வாங்கறவனுக்கு என்ன கவலை?

இன்னொண்ணு. 400ல வாடகை, கரண்ட், மேஸ்திரி சம்பளம் எங்க? மாசம் 45,000 ஆகுதுன்னு வைங்க. 500 பெல்ட் போனா ஒண்ணுக்கு 90, 300தான் போனா 150. விலை ஏத்தினா விற்பனை குறையும், குறைஞ்சா அடக்கம் ஏறும், ஏறினா மறுபடி விலை ஏத்துவீங்க. இதுக்கு முடிவு எங்க?

பாலாற்றங்கரை:
வாடகை விஷயத்துல நீங்க சொல்றது முழுக்க சரி. 500க்கு வகுக்கறதா 300க்கானு எந்த சூத்திரமும் சொல்லாது. கையில இருக்கிற ஆர்டரை வெச்சு வகுக்கணும், ஆசையை வெச்சு இல்ல. ஆனா கடை விலையிலேருந்து கீழ இறங்கறதுக்கும் அடக்கம் தெரியணுமே. 284க்கு மேலயா கீழயான்னு எப்படிச் சொல்வீங்க?

அடக்கத்துல பெரிய தப்பு தோல்லதான் வரும். வாரை அளந்து கணக்குப் போட்டா அரை சதுர அடி கூட வராது. ஆனா பெல்ட்டுக்கு முதுகுப் பகுதிதான் ஆகும். வயித்துப் பகுதியில வெட்டின வார் இழுக்க இழுக்க நீளும், ஓட்டை வாய் பிளக்கும். வாங்கறதென்னவோ முழுத் தோலும்தான். ஒரு கட்டு தோலை வெட்டி முடிச்சதும், வாங்கின மொத்த சதுர அடியை, நல்லா வந்த பெல்ட்டு எண்ணிக்கையால வகுங்க. தழும்பு, புழு ஓட்டைன்னு ஒதுக்கினதும் அதுலயே வந்துடும். இந்த 195 அப்படி வந்ததா, அளந்து போட்டதா?

புது பட்டறை (ஆம்பூர்):
அளந்து போட்டதுதான் பாய். கழிவுக்கு 10% சேர்த்தேன். பக்கிள் பில் தொகைதான், 50ன்னு மாத்திக்கறேன். அடுத்த கட்டு தோலை வெட்டிட்டுதான் தோல் கணக்கை எழுதணும். வயித்துப் பகுதியில கீ செயின், வாட்ச் வார் வெட்டினா அந்தக் காசைப் பெல்ட் அடக்கத்துல கழிக்கலாமா?

மெயின் பஜார்:
வித்த பிறகு கழிங்க தம்பி. வெட்டி வெச்சிருக்கோம்னு கழிக்காதீங்க.

புது பட்டறை (ஆம்பூர்):
சரிண்ணா. வேலூர் கடைக்காரர்கிட்ட இன்னைக்குப் பேசினேன், 30%க்கு இறங்கி வரார். தோல் கணக்கு வர்ற வரைக்கும் பழைய 400 அடக்கத்தையே வெச்சு 571.43 / 0.70 x 1.18 போட்டா 963.27, எம்.ஆர்.பி 965 வருது.

பாலாற்றங்கரை:
கணக்கு சரி. ஆனா அந்த 30% ரொக்கத்துக்கு வாங்கிக்கறதுக்கா, இல்ல விக்காததைத் திருப்பிக் குடுக்கற பேச்சுக்கா? அதைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் ஸ்டிக்கர் அடிக்கக் குடுக்கலாம்.