அலுமாரியில இருந்த காசுக்கு என்ன ஆதாரம்?

வெள்ளவத்தை_ரவி: 2023 ஜனவரியில நிலையான வைப்பை முடிச்சு 30 லட்சம் காசா எடுத்தன். வீடு விக்கிறவர் காசாத்தான் வேணும் எண்டவர். உறுதியில சிக்கல், பேச்சு முறிஞ்சுது. ஜூனில வேற வங்கியில 26 லட்சம் போட்டன். பிறகு, இந்த வைப்பு வருமான வரி ரிட்டர்னில காட்டின வருமானத்தோட ஒத்துப்போகேல்லை எண்டு இறைவரித் திணைக்களத்தால கடிதம்.

வங்கி எடுப்புத் துண்டைக் கொண்டுபோனா முடிஞ்சுது எண்டு நினைச்சன். அங்க இருந்த பெண் அதிகாரி கேட்டா: "அஞ்சு மாசமா எங்க இருந்தது?" "அலுமாரியில மிஸ்." அவ என்ரை பழைய ரிட்டர்னைத் திருப்பி, மார்ச் 31 சொத்து விபரத்தில கையிருப்புக் காசு எண்ட இடத்தைப் பென்சிலால வட்டம் போட்டா. நான் அதை வெறுமையா விட்டிருந்தன். அந்த வட்டம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

கடைசியில கைகொடுத்தது லோயர் பெப்ரவரியில உறுதி தேடினதுக்குத் தந்த பற்றுச்சீட்டு. வீடு வாங்கத்தான் எடுத்தது எண்டு அது சொல்லிச்சு. குறைஞ்ச 4 லட்சத்தில அம்மான்ரை கண் ஒப்பரேசன் பில் 3 லட்சத்துக்கு இருந்தது. மிச்சம் வீட்டுச் செலவு எண்டு எழுதினன். இன்னும் முடிவு வரேல்லை.

கொட்டாஞ்சேனை_பையன்: அண்ணை, பத்து லட்சத்துக்குக் கீழ பிரிச்சுப் போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. வங்கி அதுக்கு மேல போட்டாத்தான் அறிவிக்கும்.

பழைய_கணக்கர்: தம்பி, பாதிதான் சரி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காசு வைப்பின்ரை விபரம் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குப் போறது உண்மை. ஆனா கிட்டக்கிட்ட ஒன்பது ஒன்பதாப் போட்டா, சந்தேகத்துக்குரியது எண்டு அதையே வங்கி தனியா அறிவிக்கும். பிறகு எங்கால வந்தது எண்டதோட ஏன் பிரிச்சனீர் எண்டதுக்கும் பதில் தேட வேணும்.

ரவி, இனி யாரும் கேட்டா இதைச் சொல்லுங்கோ. பதிலில கதை எழுதாம ஒரு தாளில மாதவாரியா போடுறது: ஜனவரி எடுத்தது, செலவு, மிச்சம், ஜூனில போட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில எந்தத் துண்டு எண்ட இலக்கம். மிச்சம் ஒரு மாசமும் போட்ட தொகைக்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா அந்த மாசத்தைத்தான் பிடிப்பினம். கையிருப்பு விடுபட்டதை அவை கேட்க முன்னம் நீங்களே ஒத்துக்கொண்டிருக்க வேணும். இது விசாரிப்புக் கடிதம். மதிப்பீட்டு அறிவித்தல் வந்தா வேற கதை, மீளாய்வு கேட்க 30 நாள்தான்.

வெள்ளவத்தை_ரவி: ஐயா, ஒத்துக்கொண்டா குற்றத்தை நானே எழுதிக் குடுக்கிற மாதிரி ஆகாதோ?

பழைய_கணக்கர்: வட்டம் போட்டாப் பிறகு எதை ஒளிக்கிறது?

செட்டியார்தெரு_ஆன்ரி: பிள்ளையள், நான் செட்டியார் தெருவில தாலிக்கொடி வித்துத்தான் 14 லட்சம் போட்டனான். எனக்கும் கடிதம் வருமோ? கடைக்காரன் தந்த துண்டு வெளிறிப் போச்சு. தொகை மட்டும் மங்கலாத் தெரியுது, திகதி தெரியேல்லை.