முதல் ஊசி போட்டாச்சே என்று தரையில் விட்டேன்

கோத்தகிரி புதுசு:
எங்களுக்கு இது முதல் நாய். 45-ஆம் நாள் முதல் ஊசி போட்டு, புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள். அடுத்தது 66-ஆம் நாள். நடுவில் 55-ஆம் நாள், மழை விட்டு வெயில் வந்ததே என்று டீத்தோட்டத்து லைன் வீட்டுப் பக்கம் கூட்டிப்போனேன். ஆறு நாள் கழித்துச் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். அப்புறம் வாந்தி, கழிச்சல். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு ராத்திரியை வீணாக்கினேன். காலையில் கதவைத் திறந்ததும் வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சாக்கு முழுக்க ரத்தம். பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். டிரிப் ஏற்றியும் மூன்றாம் நாள் போய்விட்டான். ஊசி போட்டும் எப்படி?

வெலிங்டன் தாத்தா:
பால்தான் கெடுத்தது. குட்டிக்கு மாட்டுப்பால் ஆகவே ஆகாது. ரெண்டு மாசக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. குழைந்த சோறு, வேகவைத்த கோழி, எலும்பில்லாமல். உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது. உணவை மாற்றினால் ஒரு வாரமாவது பழையதோடு கலந்து மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் மூன்று வேளை. எங்கள் நாய்கள் இப்படித்தான் வளர்ந்தன, ஒன்றும் வரவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவன்:
தாத்தா, பாலில் பேதி வரும், பார்வோ வராது. ஆனால் மாட்டுப்பால் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான்.

புதுசு, உங்கள் ஊசி வீணில்லை, நேரம்தான் போதவில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையே அது அடித்துவிடும். அது கரைகிற நாள் குட்டிக்குக் குட்டி வேறு. நோயைத் தடுக்கப் போதாது, ஊசியை மட்டும் தடுக்கும் என்று நடுவில் சில வாரம் வரும். உங்கள் 55-ஆம் நாள் அதில் விழுந்திருக்கலாம். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை போடுகிறோம். வெறிநாய் ஊசி மூன்று மாதத்தில். 16 வார ஊசியும் முடியும்வரை வெளியே போனால் தூக்கிக்கொண்டு போங்கள், தெரு மண்ணில் இறக்காதீர்கள்.

வாந்தியோடு சோறும் மறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் தெரிகிறவரை காத்திருக்கக் கூடாது.

கூடலூர்க்காரி:
வெளியே கூட்டிப்போவது என்றதும் என் கதை. சாயங்காலம் ஏழரை, வராந்தாவில் கட்டியிருந்தோம். சங்கிலி ஒருமுறை சடக் என்றது, அவ்வளவுதான். சிறுத்தை. இப்போதைய நாய்க்கு நடை, சோறு எல்லாம் ஆறு மணிக்குள் முடிந்து, இருட்டினால் வீட்டுக்குள்தான். ஊசியை மட்டும் பேசுகிறீர்களே!

கோத்தகிரி புதுசு:
அக்கா, எங்கள் பக்கமும் சிறுத்தை உண்டு, ஆனால் கேட்டது அதில்லை. பிள்ளை இன்னொரு குட்டி கேட்கிறாள். அதே வீட்டில் வளர்க்கலாமா?

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவன்:
சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு, ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். மண்ணில் அது வேலை செய்யாது. நிழலும் ஈரமுமான மண்ணில் கிருமி ஒரு வருஷம்கூடக் கிடக்கும். ஊசியெல்லாம் முடிந்த பெரிய நாயாக எடுத்தால் பயம் குறைவு.

வெலிங்டன் தாத்தா:
சுண்ணாம்பு தூவினால் போதும் என்பேன்.

கோத்தகிரி புதுசு:
முற்றம் முழுக்க மண். அவன் படுத்திருந்த மூலையில் வெயிலே விழாது.