கலைச்சொல் வேண்டும்: மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தத்தில் 'மொத்த உயர்வு'

செல்வி:
வணக்கம். ஒரகடத்தில் உள்ள ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவுப்படி போட்ட ஊதிய ஒப்பந்தத்தை, ஜப்பானில் இருக்கும் தாய் நிறுவனத்துக்காக ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். சிக்கல் இந்த ஷரத்தில்:

"ஒப்பந்த காலமான மூன்று ஆண்டுகளுக்கு மொத்த உயர்வு ரூ. 12,000. இது 60:20:20 விகிதத்தில் வழங்கப்படும்."

கையெழுத்துப் போட்ட இரு தரப்புக்கும் இதில் குழப்பமே இல்லை. முதல் ஆண்டு மாதச் சம்பளத்தில் 7,200 ஏறும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 2,400, 2,400 என ஏறி, மூன்றாம் ஆண்டில் பழைய சம்பளத்தைவிட மாதம் 12,000 கூடுதலாக வரும். ஆனால் ஷரத்தில் 'மாதம்' என்ற சொல்லே இல்லை. நிறுவனம் முதலில் 'டோட்டல் இன்க்ரீஸ்' என்று சுருக்கி அனுப்பியதற்கு, "மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஒருவருக்கு 12,000 தானே?" என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் விரித்து எழுதிவிடலாம். அடுத்த ஒப்பந்தத்தில் தமிழிலேயே தெளிவாக இருக்க ஒரு சொல் வேண்டும். 'இறுதிப்படி உயர்வு' சரிவருமா?

பழனிச்சாமி, கோவை:
எங்க மில்லிலும் இதே கூத்துதான். பஞ்சப்படியை ஒருவர் 'ஃபேமின் அலவன்ஸ்' என்று எழுதி, இங்கே பஞ்சமா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டார். 'டியர்னஸ் அலவன்ஸ்' என்று போடுங்கள், முடிந்தது.

செல்வி:
நன்றி அண்ணா. பஞ்சப்படி இதே ஒப்பந்தத்தில் தனி ஷரத்தாக இருக்கிறது, அதில் சிக்கலில்லை. நான் கேட்பது 12,000 பற்றி.

மாரிமுத்து:
இருபது வருஷத்துக்கு மேல் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 'இறுதிப்படி' வேண்டாம் அம்மா. படி என்றாலே தொழிலாளிக்கு பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படிதான். கடைசியில் தரும் ஒரு அலவன்ஸ் என்றுதான் படிப்பான்.

இன்னொன்று, அந்த விகிதத்தைச் சும்மா பெயர்த்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் ஷரத்துப்படி மூன்று ஆண்டில் ஒரு தொழிலாளிக்குப் போய்ச்சேரும் கூடுதல் பணம் 7,200, 9,600, 12,000 மூன்றையும் பன்னிரண்டு பன்னிரண்டு மாதம் பெருக்கினால் 3,45,600 ரூபாய். அதே 12,000-ஐ 40:30:30 என்று போட்டிருந்தால் 3,02,400 தான். நோட்டீஸ் போர்டில் இரண்டும் ஒரே 12,000. நாங்கள் பல ராத்திரி சண்டை போட்டது இந்த விகிதத்துக்காகத்தான். ஆங்கிலத்தில் ஆண்டுவாரியாக ரூபாயை எழுதுங்கள், சதவீதம் பக்கத்தில் இருக்கட்டும்.

கணேஷ், நகோயா:
இங்கே சம்பளப் பேச்சு வருடா வருடம் வசந்த காலத்தில் நடக்கும், 'ஷுன்தோ' என்பார்கள். உயர்வு என்றால் இந்த வருடத்து மாதச் சம்பளம் எவ்வளவு ஏறுகிறது என்றுதான் பார்ப்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரே தொகை சொல்வது இவர்களுக்குப் பழக்கமில்லை. மாரிமுத்து ஐயா சொன்ன மூன்று வரி அட்டவணை போதும்.

ராகவன்:
சட்டப்படி ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்துதான் அமலாகும். 'முதல் ஆண்டு' அங்கிருந்து தொடங்குவதாக எழுதுங்கள்.

மாரிமுத்து:
பாதிதான் சரி தம்பி. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தேதி குறிப்பிடாத ஒப்பந்தத்துக்குத்தான் கையெழுத்து நாளைச் சொன்னது. தரப்புகள் ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் அந்தத் தேதிதான். செல்வி, உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி?

செல்வி:
2024 ஏப்ரல் 1 முதல் என்று இருக்கிறது ஐயா. கையெழுத்து நவம்பர் 30. அதாவது எட்டு மாத நிலுவை, தலைக்கு 57,600. இதுவும் அங்கே தெரியாது போல. 'முதல் ஆண்டு' என்று விடாமல் தேதிகளையே போட்டுவிடுகிறேன்.

சொல்லுக்கு வருகிறேன். 'நிறைநிலை மாத உயர்வு' எப்படி? மூன்று கட்டமும் ஏறி முடிந்தபின் மாதச் சம்பளத்தில் நிற்கும் கூடுதல் தொகை. விகிதத்துக்கு 'ஆண்டுப் பங்கீடு'.

கணேஷ், நகோயா:
'நிறைநிலை' நன்றாக இருக்கிறது. என் ஓட்டு அதற்கு.

மாரிமுத்து:
'ஆண்டுப் பங்கீடு' எடுத்துக்கொள்ளலாம். 'நிறைநிலை' கேட் மீட்டிங்கில் எடுபடாது. 'மூன்றாம் ஆண்டில் எட்டும் மாத உயர்வு' என்று நீளமாகவே இருக்கட்டுமே.

ராகவன்:
அப்படியானால் நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு வேறு சொல்லா? கலைச்சொல் என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும்.

மாரிமுத்து:
நியாயம்தான். யோசிப்போம்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அந்த 12,000-க்குள் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் அடங்குமா? அடிப்படைச் சம்பளத்தில் 3,000 ஏறினால் நிறுவனப் பங்கு 12 சதவீதம், மாதம் 360. 'நேரடி உயர்வு' என்று எழுதியிருந்தால் அந்த 360 வெளியே. வெறும் 'மொத்த உயர்வு' என்றால் நிறுவனம் உள்ளே என்னும், சங்கம் வெளியே என்னும்.

செல்வி:
ஷரத்தில் 'நேரடி' இல்லை ஐயா. என் ஊகத்தை ஆங்கிலத்தில் ஏற்றக் கூடாது. பேச்சுவார்த்தை மினிட்ஸ் கேட்டு இரு தரப்புக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த வரியை இரு பொருளும் தரும் வரி என்று குறித்தே அனுப்புகிறேன்.