4×4 மாயச்சதுரம்: நெடுக்கில் 57 வருகிறது, படுக்கையில் வரவில்லை

தோட்டப்பள்ளி டீச்சர்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தமிழ்ப்பள்ளியில் மெர்டேக்கா விழாவுக்கு 16 பிள்ளைகள் ஆளுக்கொரு எண் அட்டையோடு நிற்கப் போகிறார்கள். நாடு சுதந்திரம் பெற்ற 1957-ஐ நினைத்து, எந்த வரிசையைக் கூட்டினாலும் 57 வர வேண்டும்.

1 முதல் 16 வரை வரிசையாக எழுதி, இரண்டு மூலைவிட்டங்களில் உள்ளவற்றை மட்டும் 17-இலிருந்து கழித்துப் போட்டேன். எல்லாப் பக்கமும் 34 சரியாக வந்தது. இன்னும் 23 வேண்டும். எல்லாக் கட்டத்திலும் 5 கூட்டி, மீதி 3-ஐ 13, 14, 15, 16 இருந்த கட்டங்களில் மட்டும் சேர்த்தேன். நெடுக்கும் மூலைவிட்டமும் 57. படுக்கை மட்டும் 60, 54, 54, 60. எங்கே பிசகு?

கணக்குப்பிள்ளை:
57 வராது டீச்சர். எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் கூட்டினால் நான்கு நான்காகத்தான் ஏறும். 54 விட்டால் 58. பேசாமல் 58 வையுங்கள்.

ரப்பர்மரம்:
நடுவில் 19 வையுங்கள், 57-இல் மூன்றில் ஒரு பங்கு. 1 முதல் 9 வரை உள்ள சதுரத்தில் எல்லாவற்றிலும் 14 கூட்டினால் போதும். மகள் பிறந்தநாளுக்கு அப்படித்தான் செய்தேன்.

தோட்டப்பள்ளி டீச்சர்:
அது 9 கட்டம் அண்ணே. எனக்கு 16 பிள்ளைகள்.

கட்டம்போடுபவர்:
டீச்சர், உங்கள் கணக்கு சரி, எடுத்த சதுரம்தான் ஒத்துவராது. அதன் முதல் படுக்கை 16, 2, 3, 13. மீதி 3 அங்கே இரண்டு தடவை விழுகிறது, அதனால் 60. இரண்டாவதில் 5, 11, 10, 8. ஒன்றுமே விழவில்லை, 54-இல் நின்றுவிட்டது. 13 முதல் 16 வரை உள்ள நான்கும் வரிசைக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கிற சதுரம் வேண்டும். கஜுராஹோ பார்சுவநாதர் கோயிலில் செதுக்கியிருப்பது அப்படிப்பட்டது:

```
 7 12  1 14
 2 13  8 11
16  3 10  5
 9  6 15  4
```

இதில் நீங்கள் செய்ததையே செய்யுங்கள்:

```
12 17  6 22
 7 21 13 16
24  8 15 10
14 11 23  9
```

படுக்கை, நெடுக்கு, மூலைவிட்டம் எல்லாம் 57.

மீதியைப் பெரிய நான்கு எண்களில்தான் சேர்க்க வேண்டும். 9 முதல் 12 வரை உள்ளவற்றில் சேர்த்தால் 18, 19, 20 இரண்டிரண்டு தடவை வந்துவிடும். ஒரே எண்ணை இரண்டு பிள்ளைகள் பிடிப்பார்கள். கணக்குப்பிள்ளை சொன்னதும் பாதி சரி. எண்கள் விட்டுப்போகாமல் தொடர்ந்து வர வேண்டுமென்றால் 57 முடியாது. இதில் 18, 19, 20 இல்லை, பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் எல்லாவற்றிலும் 6 கூட்டி, 1 முதல் 4 வரை இருந்த கட்டங்களில் மட்டும் ஒன்று குறைத்தால்? அவையும் வரிசைக்கு ஒன்றுதானே?

கட்டம்போடுபவர்:
ஆமாம், அதுவும் 57 தரும். 10 மட்டும்தான் விட்டுப்போகும், பெரிய எண் 22. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

தோட்டப்பள்ளி டீச்சர்:
உங்கள் 57 சதுரத்தில் மூலையில் உள்ள நான்கு நான்கு கட்டங்களும் 57 தருகின்றன. ஆனால் இடப்பக்க நடுவில் 7, 21, 24, 8 கூட்டினால் 60. அதையும் 57 ஆக்க வழி உண்டா?

கட்டம்போடுபவர்:
13-உம் 16-உம் அங்கே சேர்ந்து நிற்கின்றன. வலப்பக்க நடுவில் ஒன்றுமில்லை, 54. இந்தச் சதுரத்தை வைத்துக்கொண்டு எனக்கு வழி தெரியவில்லை. யாராவது வேறு அடுக்கு வைத்திருந்தால் போடுங்கள்.