வாரச் சராசரி எடை குறைவது மெதுவாகிவிட்டது: கலோரி இலக்கைக் குறைப்பதா, காத்திருப்பதா?

குமரன், பட்டர்வொர்த்
ஐந்து வாரமாக நாளுக்கு 2000 கலோரி, 130 கிராம் புரதம். வாரச் சராசரி எடை 82.4, 81.3, 81.1, 80.9, 80.8 கிலோ. என் உடல் நாளுக்குச் செலவிடுவது 2500 கலோரி என்கிறது செயலி. வாரம் 0.4 கிலோ குறைய வேண்டும். எதை மாற்றுவது?

செல்வம்
எதையும் மாற்ற வேண்டாம். முதல் சராசரியிலிருந்து கடைசிச் சராசரி வரை 1.6 கிலோ குறைந்துள்ளது. நான்கு வார இடைவெளியில் அது சரியாக வாரம் 0.4 கிலோதான்.

மாலதி, ஜோர்ஜ் டவுன்
அந்தக் கணக்கில் முதல் வாரத்து வீழ்ச்சியைச் சேர்த்ததுதான் பிழை, செல்வம். உணவைக் குறைத்த உடனே, உடலில் சேமித்திருந்த மாவுச்சத்தும் அது பிடித்துவைத்திருந்த நீரும் வெளியேறிவிடுவதால், அந்த 1.1 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு அன்று. 81.3 முதல் 80.8 வரை மட்டும் பாருங்கள்: 21 நாளில் அரை கிலோ. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்று கொண்டால், நாளுக்கு 180 கலோரிதான் பற்றாக்குறை. ஆகவே குமரனின் செலவு 2500 அன்று, சுமார் 2180. வாரம் 0.4 கிலோவுக்கு 440 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பதால், இலக்கு 1750க்கு இறங்க வேண்டும். புரதத்தைத் தொடாமல், மாவுச்சத்தில் 40 கிராமும் கொழுப்பில் 10 கிராமும் குறைத்தால் அந்த 250 கலோரி வந்துவிடும். மாவுச்சத்து குறைவதால் மறுபடியும் நீர் சற்று இறங்கும். மாற்றிய முதல் வாரத்தை விட்டுவிட்டு, அடுத்த மூன்று வாரச் சராசரிகளைக் கொண்டு தீர்மானியுங்கள்.

ரேவதி, கோலாலம்பூர்
எனக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஒரு கிலோ ஏறும். அதைக் கொழுப்பென்று எண்ணி மூன்று முறை உணவைக் குறைத்து, கடைசியில் பசியில் திண்டாடினேன்.

மாலதி
உங்களுக்கு அடுத்தடுத்த வாரங்களை ஒப்பிடுவது பொருந்தாது, ரேவதி. இந்தச் சுழற்சியின் இரண்டாம் வாரத்தைச் சென்ற சுழற்சியின் இரண்டாம் வாரத்தோடு வைத்துப் பாருங்கள்.

செல்வம்
முதல் வாரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் செலவு 2180 என்பதை ஏற்க முடியவில்லை. நாசி கண்டாரில் ஊற்றும் குழம்பை யார் அளந்து எழுதுகிறார்கள்? அவர் உண்மையில் 2300 சாப்பிட்டிருக்கலாம். உணவைக் குறைப்பதற்கு முன் குறிப்பைத் திருத்த வேண்டும்.

மாலதி
ஒவ்வொரு வாரமும் அதே அளவு விடுபடுகிறது என்றால், அந்தப் பிழை செலவுக் கணக்கிலும் அப்படியே இருக்கும். எனவே குறிப்பில் 250 குறைந்தால் தட்டிலும் 250 குறையும். சில வாரம் மட்டும் விடுபட்டால் நீங்கள் சொல்வதே சரி, அப்போது இந்தக் கணக்கு நிற்காது.

குமரன்
வார நாள்களில் வீட்டுச் சாப்பாட்டை எடைபோட்டு எழுதுகிறேன். சனி, ஞாயிறு இரண்டும் கண்ணளவுதான், அதிலும் சில வாரம் எழுதவே இல்லை.

செல்வம்
அப்படியென்றால் முதலில் இரண்டு வாரம் அந்த இரு நாள்களையும் முழுமையாக எழுதுங்கள்.

மாலதி
எழுதட்டும், ஆனால் எழுதத் தொடங்கியதாலேயே அவர் குறைவாகச் சாப்பிடவும் கூடும். ஆகவே அந்த இரண்டு வாரத்தின் எடையைப் பழைய வாரங்களோடு கலக்காதீர்கள்.