கலைச்சொல் வேண்டுதல்: வாணிக எடையிட்ட நாணயக் குறியீட்டெண்

மதுரை மொழிபெயர்ப்பாளர்:
பொருளியல் நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு நாணயத்தின் மதிப்பை டாலரோடு மட்டும் ஒப்பிடாமல், வாணிகக் கூட்டாளி நாடுகள் அனைத்தின் நாணயங்களோடும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் குறியீட்டெண்ணுக்கு ‘வாணிகச் சராசரி நாணயக் குறியீடு’ என எழுதியுள்ளேன். பொருந்துமா?

சென்னை, ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்:
‘சராசரி’ என்று மட்டும் சொன்னால் வாசகர் கூட்டி வகுப்பதையே நினைப்பார். இங்கு கணக்கிடுவது பெருக்குச் சராசரி. சம எடையுள்ள இரு கூட்டாளிகளை எண்ணிக்கொள்ளுங்கள். நம் நாணயம் ஒன்றுக்கு எதிராக 100இலிருந்து 200 ஆகிறது. மற்றதற்கு எதிராக 50 ஆகிறது. கூட்டுச் சராசரி 125, அதாவது 25 விழுக்காடு உயர்வு. அதே விலைகளை அயல்நாணயத்தின் பக்கமிருந்து எழுதினால் 50, 200. சராசரி மீண்டும் 125. இருதரப்பும் ஒரே நேரத்தில் உயர்ந்ததாகக் காட்டும் கணக்கு எப்படிச் சரியாகும்? பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எப்பக்கமிருந்து பார்த்தாலும் 100தான்.

எடைகள் சமமாக இல்லாதபோது, ஒவ்வொரு கூட்டாளியின் வாணிகப் பங்கும் அடுக்காக மேலே ஏறுகிறது. 60 விழுக்காட்டுப் பங்குள்ள கூட்டாளிக்கு எதிராக நம் நாணயம் 10 விழுக்காடு உயர்ந்து, 40 விழுக்காட்டுப் பங்குள்ளவருக்கு எதிராக 10 விழுக்காடு சரிந்தால்:

```
100 × 1.10^0.6 × 0.90^0.4 ≈ 101.5
```

எனவே ‘வாணிக எடையிட்ட நாணயக் குறியீட்டெண்’ என்பேன்.

கோவை, வங்கி அலுவலர்:
எடை என்றால் தராசில் கூட்டி வைப்பது. அடுக்காக ஏறுவதை எடை என்பது உறுத்துகிறது. ‘வாணிகப் பங்கு’ என்றே சொல்லலாமே. மேலும், செய்திகளில் வரும் டாலர் குறியீடு இந்த வகைதான். அதையே எடுத்துக்காட்டாகத் தரலாம்.

ஆசிரியர்:
முழுவதும் அப்படியில்லை. சந்தையில் DXY என வழங்குவதும் பெருக்குச் சராசரிதான். ஆனால் அதில் ஆறு நாணயங்களே உள்ளன. யூரோவின் எடை மட்டும் 57.6 விழுக்காடு. அமெரிக்காவின் பெரும் கூட்டாளிகளான சீனாவும் மெக்சிகோவும் அதில் இல்லை. வாணிகம் மாறினாலும் அதன் எடைகள் மாறுவதில்லை. ரிசர்வ் வங்கி ரூபாய்க்கு வெளியிடும் குறியீட்டெண் 40 நாணயங்களைக் கொண்டது; அதன் அடிப்படை ஆண்டு 2015-16. எடைகளும் மூன்றாண்டு வாணிகச் சராசரியைக் கொண்டு புதுப்பிக்கப்படுகின்றன. உங்கள் எடுத்துக்காட்டுக்கு அதுவே ஏற்றது.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதியாளர்:
ஐயா, டாலர் விலை ஏறினால் எனக்கு நல்லது. அப்படியானால் இந்த எண் ஏறும்போதும் எனக்கு நன்மைதானே?

ஆசிரியர்:
நேர் எதிர். ரிசர்வ் வங்கியின் எண் ஏறினால் ரூபாய் வலுத்தது என்று பொருள். இன்னொன்று: நீங்கள் அமெரிக்கச் சந்தையில் வங்காளதேசத்தோடு போட்டியிடுகிறீர்கள். இருநாட்டு வாணிகத்தைக் கொண்டு மட்டும் எடை கணித்தால் அந்தப் போட்டியின் அளவு வெளிப்படாது. பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்றாம் சந்தைப் போட்டியையும் எடையில் சேர்க்கிறது.

கோவை, வங்கி அலுவலர்:
அப்படிச் சேர்த்தால் அது வெறும் வாணிகப் பங்காக இருக்காது; என் சொல் அங்கே இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ‘எடையிட்ட’ என்பதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

மதுரை மொழிபெயர்ப்பாளர்:
இப்போதைக்கு ‘வாணிக எடையிட்ட நாணயக் குறியீட்டெண்’ என்றே வைக்கிறேன்; அடுக்கின் கதையை அடிக்குறிப்பில் எழுதுகிறேன். ‘எடை’யா ‘நிறை’யா என்று இன்னொருவர் தனியே கேட்டிருக்கிறார், அதற்கு வேறு இழை தொடங்கலாம்.